y = cx² குடும்பத்துக்குச் செங்குத்தான வளைவரைகள்: எனக்கு மடக்கை வருகிறது, விடையில் நீள்வட்டம் இருக்கிறது

இரவுக்கணக்கு எழுதியது:

மூன்று நாளாக ஒரே கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். y = cx² என்ற பரவளையக் குடும்பத்தின் ஒவ்வொரு வளைவரையையும் செங்குத்தாக வெட்டும் வளைவரைகளைக் காண வேண்டும். நான் செய்தது இது.

வகையிட்டால் dy/dx = 2cx. செங்குத்து என்பதால் சாய்வைத் தலைகீழாக்கிக் குறியை மாற்றினேன்: dy/dx = −1/(2cx). மாறிகள் அழகாகப் பிரிகின்றன. தொகையிட்டால்

y = −(1/(2c)) ln|x| + k

புத்தகத்தின் பின்பக்கத்தில் x² + 2y² = k என்று இருக்கிறது. என்னுடையதில் மடக்கை, அங்கே நீள்வட்டம். ஒன்றை மாற்றி எழுதினால் மற்றது வரும் என்று நினைத்து ஒரு மணி நேரம் வீணாக்கினேன். வரவில்லை. ஆனால் (1, 1) என்ற புள்ளியில் சோதித்தால் என் விடையும் சரியாகத்தான் இருக்கிறது. அந்தப் புள்ளியில் c = 1, பரவளையத்தின் சாய்வு 2, என் வளைவரையின் சாய்வு −1/2. பெருக்கினால் −1. பிறகு எங்கே தவறு?

---

நாற்கரம் எழுதியது:

புத்தகம் சரி. c-ஐ நீக்க மறந்துவிட்டீர்கள். c = y/x² என்று போட்டால் dy/dx = 2y/x. திருப்பினால் −x/(2y). முடிந்தது. பரவளையம் கொடுத்தால் விடை நீள்வட்டம்தான், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வில் நேரம் மிச்சம்.

---

இரவுக்கணக்கு எழுதியது:

நீக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் நீக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. c ஒரு மாறிலி. மாறிலியைத் தொகையிடும்போது வெளியே எடுக்கலாம். நான் அதைத்தானே செய்தேன்?

---

சாக்பீஸ்தூள் எழுதியது:

நல்ல கேள்வி. "நீக்கு" என்று கட்டளையாகச் சொன்னால் யாருக்கும் மனத்தில் நிற்காது. உங்கள் விடையையே எடுத்துக்கொண்டு, விரலை அதன்மேல் வைத்து நடந்து பார்ப்போம்.

(1, 1)-இல் புறப்படுகிறீர்கள். அங்கே c = 1 கொண்ட பரவளையம் இருக்கிறது. அதற்குச் செங்குத்தாக, −1/2 சாய்வில் ஓர் அடி எடுத்து வைக்கிறீர்கள். அது வரை சரி. அடி வைத்த உடனே நீங்கள் y = x² மேல் இல்லை. பக்கத்துப் பரவளையத்தின் மேல் நிற்கிறீர்கள். அதன் c வேறு. அடுத்த அடியை இந்தப் புதிய பரவளையத்துக்குச் செங்குத்தாக வைக்க வேண்டும். நீங்களோ பழைய c = 1-ஐயே கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்கள்.

c மாறிலிதான், ஆனால் ஒரே பரவளையத்தின் மேல் நடக்கும் வரைக்கும்தான். நாம் தேடும் வளைவரையின் வேலையே ஒரு பரவளையத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது. அதன் மேல் நடக்கும்போது c ஒவ்வொரு புள்ளியிலும் மாறுகிறது. மாறுகிற ஒன்றைத் தொகையிடும்போது வெளியே எடுக்க முடியாது. உங்கள் தவறு அந்த ஒரே வரியில் இருக்கிறது.

எண்ணில் பாருங்கள். (2, 1) என்ற புள்ளியை எடுங்கள். அதன் வழியே போகும் பரவளையத்துக்கு c = 1/4. சாய்வு 2 × (1/4) × 2 = 1. ஆகவே செங்குத்துச் சாய்வு −1 ஆக வேண்டும். c = 1 என்று உறையவைத்த உங்கள் சமன்பாடு அங்கே −1/(2 × 2) = −1/4 என்கிறது. 1-ஐயும் −1/4-ஐயும் பெருக்கினால் −1 வராது. நீங்கள் (1, 1)-ஐ மட்டும் சோதித்தீர்கள்; c-ஐ எடுத்த இடத்திலேயே சோதித்தால் அது தேறத்தான் செய்யும்.

இனி சரியான வழி. ஒரு புள்ளி (x, y) கொடுத்தால், அதன் வழியே போகும் பரவளையம் எது என்று அந்தப் புள்ளியே சொல்லிவிடும்: c = y/x². இதைப் போட்டால் சாய்வு 2y/x. இப்போது கையில் இருப்பது தளத்தின் எந்தப் புள்ளியிலும் "இங்கே நிற்கும் பரவளையம் எந்தத் திசையில் போகிறது" என்று சொல்லும் விதி. இதைத் திருப்பினால்தான் பொருள் உண்டு:

dy/dx = −x/(2y)

2y dy = −x dx

y² = −x²/2 + மாறிலி

அதாவது x² + 2y² = k. (2, 1)-இல் இதன் சாய்வு −2/2 = −1. சரியாக இருக்கிறது.

நான் வேறு மாதிரியும் செய்வேன். முதலிலேயே y/x² = c என்று c-ஐத் தனியே நிறுத்திவிட்டு, பிறகு வகையிடுவேன். வலப்பக்கம் சுழியாகிவிடும், c தானாகப் போய்விடும். மறதிக்கு இடமே இல்லை.

---

பனையோலை எழுதியது:

எல்லோரும் ஏன் இவ்வளவு சுற்றுகிறீர்கள் என்று புரியவில்லை. (1, 1)-இல் y = x²-க்குச் செங்குத்தான கோடு வேண்டும். சாய்வு −1/2. ஆகவே y − 1 = −(1/2)(x − 1), அதாவது x + 2y = 3. வகைக்கெழுச் சமன்பாடே தேவையில்லை.

---

சாக்பீஸ்தூள் எழுதியது:

பனையோலை, நீங்கள் கண்டது அந்தப் புள்ளியில் வரையும் செங்கோடு. அது வேறு கேள்விக்கு விடை. அந்த நேர்கோட்டில் இன்னொரு புள்ளியான (2, 1/2)-க்குப் போங்கள். அங்கே இருக்கும் பரவளையத்தின் சாய்வு 2y/x = 1/2. கோட்டின் சாய்வு இன்னும் −1/2-தான். செங்குத்து போய்விட்டது. கேட்கப்படுவது, போகிற வழியில் சந்திக்கும் எல்லாப் பரவளையங்களையும் செங்குத்தாக வெட்டும் வளைவரை. அதனால்தான் அது வளைந்துகொண்டே போகிறது.

ஆனாலும் உங்கள் கோடு வீண் இல்லை. (1, 1) வழியே போகும் நீள்வட்டம் x² + 2y² = 3. அதற்கு அந்தப் புள்ளியில் தொடுகோடு வரைந்தால் x + 2y = 3 வருகிறது, உங்களுடையதேதான். பரவளையத்தின் செங்கோடு, நீள்வட்டத்தின் தொடுகோடு. அந்த ஒரு புள்ளியில் இரண்டும் கைகுலுக்கிவிட்டுப் பிரிகின்றன.

---

பனையோலை எழுதியது:

சரி, கேள்வியை நான் தவறாகப் படித்துவிட்டேன். "ஒவ்வொரு வளைவரையையும்" என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டேன்.

---

நாற்கரம் எழுதியது:

நான் ஒரு வரியில் சொன்னதைத்தான் நீட்டிச் சொல்லியிருக்கிறீர்கள். பரவளையம் என்றால் நீள்வட்டம்.

---

சாக்பீஸ்தூள் எழுதியது:

அந்த ஒரு வரியின் பின்பாதியோடுதான் எனக்குச் சண்டை. y = x² + b என்று ஒரு குடும்பம் எடுங்கள். ஒரே பரவளையத்தை மேலும் கீழும் நகர்த்தினால் கிடைப்பது, எல்லாம் பரவளையம்தான். வகையிட்டால் dy/dx = 2x. b வகையிடும்போதே மறைந்துவிட்டது, நீக்குவதற்கு ஒன்றுமில்லை. திருப்பினால் dy/dx = −1/(2x). தொகையிட்டால்

y = −(1/2) ln|x| + k

நீள்வட்டம் எங்கே? எந்த வளைவரை என்பது மட்டும் போதாது, அவை எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் விடையைத் தீர்மானிக்கிறது. மனப்பாடம் செய்ய ஏதாவது வேண்டுமென்றால் y = cxⁿ-க்கு x² + ny² = k என்று வைத்துக்கொள்ளுங்கள். n = 1 என்றால் ஆதி வழியே போகும் நேர்கோடுகள், விடை வட்டங்கள். n = −1 என்றால் xy = c, விடை x² − y² = k; இரு பக்கமும் அதிபரவளையம். ஆனால் அதையும் மனப்பாடம் செய்யாமல் இருப்பதே நல்லது. இரண்டு வரியில் வருவிக்கலாம்.

இரவுக்கணக்கு, மேலே உள்ள மடக்கையை இன்னொரு முறை பாருங்கள். எங்கேயோ பார்த்த முகம் போல இல்லையா?

---

இரவுக்கணக்கு எழுதியது:

என் விடையில் c = 1 போட்டால் இதுவேதான்!

அப்படியென்றால் c-ஐ 1 என்று உறையவைத்தபோது என் சமன்பாடு dy/dx = 2x ஆகிவிட்டது. அது y = cx² குடும்பத்தின் சமன்பாடு இல்லை, y = x² + b-இன் சமன்பாடு. நான் கேட்காத கேள்விக்குச் சரியான விடை எழுதியிருக்கிறேன். (2, 1)-இல் சோதித்தேன்: y = x² + b அங்கே b = −3, சாய்வு 4. என் மடக்கையின் சாய்வு −1/4. பெருக்கினால் −1. மூன்று நாளாகப் புத்தகத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

---

சாக்பீஸ்தூள் எழுதியது:

அதேதான். பொதுவாக c-ஐ எந்த எண்ணில் உறையவைத்தாலும் y = cx² + b என்ற நகர்த்திய அடுக்குக்கு விடை எழுதியதாக ஆகும். விடையில் இரண்டு மாறிலிகள், பழைய c-யும் புதிய k-யும் சேர்ந்து நின்றால் அதுவே எச்சரிக்கை மணி. ஒரு துணையலகுக் குடும்பத்துக்கு விடையும் ஒரு துணையலகுக் குடும்பமாகத்தான் வர வேண்டும். உங்கள் முதல் பதிவில் தொகையிட்டு எழுதிய வரியில் c, k இரண்டும் இருந்தன, அங்கேயே பிடித்திருக்கலாம்.

---

திரைவரைவு எழுதியது:

இடையில் என் கதையையும் கேளுங்கள். இதே கணக்கைக் கணினியில் வரைந்தேன். பரவளையமும் நீள்வட்டமும் y அச்சை ஒட்டிய இடத்தில் ஒழுங்காக வெட்டுவது போலத் தெரிகிறது. x அச்சுக்குப் பக்கத்திலும் அப்படியே. ஆனால் நடுவில், (1, 1) பக்கம் கோணம் நசுங்கியிருக்கிறது. கோணமானியைத் திரையில் வைத்தே பார்த்தேன், 77 பாகை சொச்சம். 90 இல்லை. x² + 2y² = k சரிதானா?

---

சாக்பீஸ்தூள் எழுதியது:

திரையில் கோணமானி வைத்த முதல் ஆள் நீங்கள்தான் என்று நினைக்கிறேன். விடை சரி, படம்தான் பொய் சொல்கிறது. வரையும் நிரல் பெரும்பாலும் படத்தைச் செவ்வகச் சட்டத்துக்குள் பொருத்தும். x அச்சில் ஓர் அலகும் y அச்சில் ஓர் அலகும் திரையில் ஒரே நீளமாக இருக்காது. உயரம் அகலத்தில் முக்கால் பங்கு என்றால் எல்லாச் சாய்வும் 3/4 மடங்காகும். (1, 1)-இல் 2 என்பது 1.5 ஆகிறது, −1/2 என்பது −0.375 ஆகிறது. கோணம் கணக்கிட்டால் 76.9 பாகை. உங்கள் கோணமானி நன்றாகவே வேலை செய்கிறது.

கிடைக்கோடும் நிலைக்கோடும் எவ்வளவு நசுக்கினாலும் செங்குத்தாகவே இருக்கும். அதனால்தான் அச்சுகளுக்குப் பக்கத்தில் சரியாகவும் நடுவில் தவறாகவும் தெரிகிறது. இப்படித் தெரிந்தால் அளவுகோலைச் சந்தேகப்படுங்கள், கணக்கை அல்ல.

---

திரைவரைவு எழுதியது:

`set_aspect` வரியைச் சேர்த்தவுடன் சரியாகிவிட்டது. யாருக்காவது உதவும் என்று போடுகிறேன்.

```python
import numpy as np
import matplotlib.pyplot as plt

t = np.linspace(-3, 3, 400)
x, y = np.meshgrid(t, t)
for c in [-2, -1, -0.25, 0.25, 1, 2]:
    plt.contour(x, y, y - c*x**2, levels=[0], colors='b')
plt.contour(x, y, x**2 + 2*y**2, levels=[1, 3, 6], colors='r')
plt.gca().set_aspect('equal')
plt.show()
```

சிவப்பு நீள்வட்டங்களில் நடுவில் இருப்பது k = 3. c = 1 பரவளையத்தோடு (1, 1)-இல் அது சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். கடைசிக்கு முந்தைய வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால் கோணம் நசுங்குவது தெரியும்.

---

குவியம் எழுதியது:

எனக்கு வேறு மாதிரி அனுபவம். y² = 4a(x + a) என்ற குடும்பம் கொடுத்திருந்தார்கள். வகையிட்டால் yy′ = 2a, ஆகவே a = yy′/2. இதைப் போட்டு a-ஐ நீக்கினால்

y = 2xy′ + y(y′)²

y′ இருந்த இடத்தில் −1/y′ போட்டுச் சுருக்கினால் அதே சமன்பாடு திரும்பி வருகிறது. எங்கோ குறி விட்டுவிட்டேன் என்று நான்கு முறை செய்தேன். நான்கு முறையும் அதேதான். கடைசியில் தாளைக் கிழித்துவிட்டேன். இது பிரியவும் மாட்டேன் என்கிறது.

---

சாக்பீஸ்தூள் எழுதியது:

கிழித்த தாளில் விடை இருந்தது! அந்தக் குடும்பம் தனக்குத் தானே செங்குத்து. a நேர்மமாக இருந்தால் பரவளையம் வலப்பக்கம் திறக்கும், குறைமமாக இருந்தால் இடப்பக்கம். எல்லாவற்றுக்கும் குவியம் ஆதிதான். வலப்பக்கம் திறக்கும் ஒன்றும் இடப்பக்கம் திறக்கும் ஒன்றும் சந்தித்தால் செங்குத்தாகத்தான் சந்திக்கும்.

நேரடியாகவே சரிபார்க்கலாம். y² = 4a(x + a), y² = −4b(x − b), இரண்டிலும் a, b நேர்மம். வெட்டும் இடத்தில் x = b − a, y² = 4ab. சாய்வுகள் 2a/y, −2b/y. பெருக்கினால் −4ab/y², அதாவது −1. இங்கே மாறிகளைப் பிரிக்கத் தேவையே இல்லை. சமன்பாடு மாறவில்லை என்றால் அதன் தீர்வுகளும் மாறாது, விடை கேள்வியிலேயே இருக்கிறது.

---

நாற்கரம் எழுதியது:

சரி, "பரவளையம் என்றால் நீள்வட்டம்" என்றதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது, அதற்கு விடை சொல்லுங்கள். x² + 2y² = 3 என்ற நீள்வட்டம் y அச்சை உச்சியில் செங்குத்தாக வெட்டுகிறது. அப்படியென்றால் y அச்சும் அந்தக் குடும்பத்தில் ஒன்றுதானே? y = cx²-இல் எந்த c போட்டாலும் அது வரவில்லை.

---

குவியம் எழுதியது:

குடும்பத்தில் இல்லை. c எந்த எண்ணாக இருந்தாலும் x = 0 கிடைக்காது. c = y/x² என்று வகுத்தபோதே x = 0-ஐ ஒதுக்கிவிட்டோம். நீள்வட்டம் அங்கே y அச்சை வெட்டுவது தற்செயல்.

---

நாற்கரம் எழுதியது:

எல்லா நீள்வட்டமும் அங்கே செங்குத்தாக வெட்டுகிறது. அத்தனையும் தற்செயலா? c-ஐப் பெரிதாக்கிக்கொண்டே போனால் பரவளையம் ஒடுங்கி y அச்சின் பாதியோடு ஒட்டிக்கொள்கிறது. குடும்பத்தை x² = by என்று எழுதினால் b = 0 நேராகவே y அச்சைக் கொடுக்கிறது.

---

சாக்பீஸ்தூள் எழுதியது:

அப்படி எழுதினால் y அச்சு உள்ளே வரும், x அச்சு வெளியே போய்விடும். y = cx²-இல் c = 0 கொடுத்த x அச்சு, x² = by-இல் எந்த b-க்கும் கிடைக்காது. ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது போகிறது. சமன்பாட்டை வகுக்காமல் x dy = 2y dx என்று வைத்தால் இரண்டு அச்சுகளும் தீர்வாகின்றன. நான் அந்தப் பக்கம்தான். ஆனால் ஆதியில் இரு பக்கமும் சுழியாகிவிடுகிறது, அங்கே திசையே இல்லை. எல்லாப் பரவளையமும் அந்தப் புள்ளி வழியே போகிறது, எந்த நீள்வட்டமும் போவதில்லை. ஆகவே ஆதியை விட்டுவிட்டுத்தான் பேச வேண்டும்.

---

குவியம் எழுதியது:

கேள்வித்தாளில் y = cx² என்று இருந்தால் y = cx²-தான் குடும்பம். நீங்கள் கேள்வியை மாற்றுகிறீர்கள்.

---

இரவுக்கணக்கு எழுதியது:

உங்கள் சண்டைக்கு நடுவே நானாக ஒன்று செய்து பார்த்தேன். y = ceˣ. இந்த முறை c-ஐத் தனியே நிறுத்தினேன்: ye⁻ˣ = c. வகையிட்டால் y′ = y. c போய்விட்டது. திருப்பினால் dy/dx = −1/y, அதாவது y dy = −dx. தொகையிட்டால் y² = k − 2x. இடப்பக்கம் திறக்கும் பரவளையங்கள்.

இரண்டு புள்ளியில் சோதித்தேன், வேண்டுமென்றே வெவ்வேறு c வரும்படி எடுத்தேன். (0, 1)-இல் சாய்வுகள் 1, −1. (1, 2)-இல் 2, −1/2. இரண்டிலும் பெருக்கல் −1. விடையில் k மட்டும்தான் இருக்கிறது.

---

சாக்பீஸ்தூள் எழுதியது:

முழுவதும் சரி. c = 0 போட்டால் வரும் x அச்சையும் பாருங்கள்: உங்கள் பரவளையம் தன் முனையில் அதை நிலைக்குத்தாக வெட்டுகிறது. அங்கே −1/y-க்குப் பொருள் இல்லை, ஆனால் dx/dy = −y என்று எழுதினால் எந்தத் தடையும் இல்லாமல் கடந்துவிடலாம்.

---

குவியம் எழுதியது:

அதையும் ஏற்க மாட்டேன். dy/dx = −1/y என்பதுதான் சமன்பாடு என்றால் y = 0-இல் தீர்வு நின்றுவிடுகிறது. மேல்பாதி ஒரு தீர்வு, கீழ்ப்பாதி இன்னொன்று. நீள்வட்டத்துக்கும் இதே கதைதான். இரண்டையும் ஒட்டி ஒரே வளைவரை என்பது நீங்கள் செய்யும் தையல்.

---

நாற்கரம் எழுதியது:

தையல் என்றால் தையலாகவே இருக்கட்டும். வெட்டும் கோணம் அந்த இடத்திலும் 90 பாகைதானே? கேட்டது வளைவரைகளை, y-ஐ x-இன் சார்பாகக் கேட்கவில்லை.

---

குவியம் எழுதியது:

வகைக்கெழுச் சமன்பாட்டை எழுதிய உடனே y-ஐ x-இன் சார்பாகக் கேட்டதாகத்தான் ஆகும். நாளை வருகிறேன், x dy = 2y dx-ஐயும் விடப் போவதில்லை.